கூண்டு இல்லாத பள்ளி மைதானத்தில் ரப்பர் வட்டு: யாரை எங்கே நிறுத்துவது?

பிடி_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். டெல்டா பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இந்த வருடம் 7, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வட்டு எறிதல் ஆரம்பிக்கிறேன். கையில் இருப்பது 6 ரப்பர் வட்டுகள். நான்கு 500 கிராம், இரண்டு 750 கிராம். பிள்ளைகள் 38 பேர். கூண்டு கிடையாது, வாங்கவும் வழியில்லை.

மைதானத்தைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு தெற்காக 65 மீட்டர், கிழக்கு மேற்காக 40 மீட்டர். வடக்கே பள்ளிக் கட்டடமும் வராந்தாவும். தெற்கே மதில், அதற்கு அப்பால் வயல். கிழக்கே கம்பி வேலி, வேலியை ஒட்டி ஊர்ச் சாலை. மேற்கே வரிசையாக வேப்பமரங்கள், நிழல் மைதானத்துக்குள் 6 மீட்டர் வரை விழும். பிள்ளைகள் எப்போதும் உட்காருவது அந்த நிழலில்தான். விளையாட்டு விழா அன்று பெற்றோர்களுக்கும் அங்கேதான் பெஞ்சு போடுவோம்.

வட்டத்தை மைதானத்தின் நடுவில் போட்டு, தெற்கு நோக்கி எறிய வைத்து, வேடிக்கை பார்ப்பவர்களை வேப்பமர நிழலில் கயிறு கட்டி உட்கார வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா? வட்டத்தைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும்?

கோட்டைமேடு

டீச்சர், ரப்பர் வட்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். கல்லூரி வரை எறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ரப்பர் மேலே பட்டால் கன்றிப்போகும், அவ்வளவுதான். நாங்கள் படிக்கும்போது பத்துப் பேரை ஒரே கோட்டில் நிறுத்தி, விசில் அடித்ததும் எல்லோரும் ஒன்றாக எறிவோம். 38 பேரை ஒரே வட்டத்தில் ஒவ்வொருவராக விட்டால் ஒரு பீரியடில் ஆளுக்கு ஒரு தடவைகூட வராது. கோடு போடுங்கள், இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு இடைவெளி விடுங்கள், போதும்.

எறிகளம்

டீச்சர், முதலில் வேப்பமர நிழலை மறந்துவிடுங்கள். உங்கள் மைதானத்தில் ஆபத்து அதிகம் உள்ள இடமே அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

வலது கைக்காரர் எறியும்போது உடம்பு இடப்பக்கமாகச் சுழல்கிறது. கை பின்னாலிருந்து வலப்பக்கம் வழியாக முன்னால் வருகிறது. சரியான நேரத்தில் விட்டால் வட்டு நேராகப் போகும். கொஞ்சம் முந்தி விட்டால் வலப்பக்கம் போகும், பிந்தி விட்டால் இடப்பக்கம் போகும். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முந்தித்தான் விடுகிறார்கள். விரல் வட்டைப் பிடித்து வைத்திருக்கப் பழகவில்லை, அதனால் கை முன்னால் வருவதற்குள் நழுவுகிறது. தெற்கே பார்த்து நிற்கிற பிள்ளைக்கு வலப்பக்கம் எது? மேற்கு. அங்கேதான் நீங்கள் எல்லோரையும் உட்கார வைக்கப் போகிறீர்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். மைதானத்தின் நடுவில் வட்டம் என்றால் மேற்கு ஓரம் 20 மீட்டர் தள்ளி இருக்கிறது. நிழல் 6 மீட்டர் உள்ளே வருவதால் உட்கார்ந்திருப்பவர்கள் 14 மீட்டரில் தொடங்குகிறார்கள். 8 ஆம் வகுப்பில் கொஞ்சம் வலுவான பையன் 500 கிராம் வட்டை 20 மீட்டர் எறிந்துவிடுவான். அவன் 45 டிகிரி வலப்பக்கம் விட்டால் வட்டு பக்கவாட்டில் 14 மீட்டர் தள்ளி விழும். அதாவது நிழலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற முதல் வரிசையில். அதற்குப் பிறகு உருளும் தூரம் தனி.

கோட்டைமேடு சார் சொன்னதில் ஒரு பாதி சரி, அதற்கு அப்புறம் வருகிறேன். ரப்பர் விஷயத்தில் மட்டும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ரப்பர் வட்டு உள்ளே பொசுபொசுவென்று இருக்கும் பொருள் இல்லை, கெட்டியான ரப்பர். 750 கிராம் என்றால் 750 கிராம்தான். உலோக விளிம்பு இல்லாததால் வெட்டுக்காயம் குறையும். தலையிலோ கண்ணிலோ கழுத்திலோ பட்டால் ரப்பர் என்பது பெரிய உதவி செய்யாது. இன்னொன்று, மரவட்டு கட்டாந்தரையில் விழுந்தால் சீக்கிரம் அடங்கிவிடும். ரப்பர் வட்டு எம்பும். விளிம்பு தரையில் படும்படி விழுந்தால் எழுந்து உருண்டு ஓடும், அதுவும் நேராக ஓடாமல் வளைந்து ஓடும். மற்ற வட்டுக்கு விடும் இடத்தைவிட ரப்பருக்கு அதிகமாகத்தான் விடவேண்டும்.

பிடி_டீச்சர்

ஐயோ, மேற்குப் பக்கத்தை இப்படி யோசிக்கவே இல்லை சார். அப்படியானால் வட்டத்தை எங்கே போடுவது? கிழக்குப் பக்கம் நகர்த்தினால் சாலை இருக்கிறதே.

எறிகளம்

உங்கள் அளவுகளை வைத்துச் சொல்கிறேன், நேரில் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

வராந்தாவிலிருந்து தெற்கே 18 மீட்டர் தள்ளி, கிழக்கு வேலியிலிருந்து 14 மீட்டர் உள்ளே ஒரு ஆணி அடியுங்கள். அதுதான் வட்டத்தின் மையம். முன்னால் மதில் வரைக்கும் 47 மீட்டர் கிடைக்கும். வலப்பக்கம் மேற்கு ஓரம் வரை 26 மீட்டர்.

ஆணியில் 1.25 மீட்டர் கயிறு கட்டிச் சுற்றி வரைந்தால் 2.50 மீட்டர் விட்டமுள்ள எறிவட்டம், போட்டியில் உள்ள அதே அளவு. அடுத்து அதே ஆணியில் 5 மீட்டர் கயிறு கட்டி இன்னொரு வட்டம், புள்ளி புள்ளியாகப் போடுங்கள். வட்டு கையில் இருக்கும் பிள்ளையைத் தவிர அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. அடுத்து எறியப் போகிறவரும் வெளியேதான். எறியாமல் கையைச் சும்மா வீசிப் பார்க்கும்போது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தில் அடிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதை இந்த வெளிவட்டம் நிறுத்திவிடும்.

பிறகு எறிகளக் கோடுகள். கோணமானி எல்லாம் வேண்டாம். 20 மீட்டர் கயிறு இரண்டை அதே ஆணியில் கட்டி, இரண்டு பிள்ளைகளிடம் நுனியைக் கொடுத்து, நுனிக்கு நுனி 12 மீட்டர் இருக்கும்படி விரிக்கச் சொல்லுங்கள். போட்டிக்கான கோணம் அப்படியே வந்துவிடும். அந்தக் கோட்டை எவ்வளவு நீட்டினாலும் இதே விகிதம்தான், 30 மீட்டரில் 18 மீட்டர் அகலம்.

ஆனால் அது தூரம் அளப்பதற்கான கோடு. ஆள் நிற்பதற்கு அதை நம்பாதீர்கள். அதே இரண்டு கயிற்றையும் நுனிக்கு நுனி 28 மீட்டர் வரும்வரை விரித்தால் கிட்டத்தட்ட செங்கோணம், பக்கத்துக்கு 45 டிகிரி. அதைக் காவல் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மைதானத்தில் இடது நுனி சரியாகக் கிழக்கு வேலியைத் தொடும். வலது நுனிக்கும் வேப்பநிழலுக்கும் நடுவில் இன்னும் 6 மீட்டர் மிச்சம் இருக்கும்.

அப்படியும் நிழலில் யாரையும் விடாதீர்கள். முழுக்க முந்தி விட்டால் வட்டு 90 டிகிரி வலப்பக்கமே போகும். வட்டத்தின் மையம் வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு நினைத்துக்கொள்ளுங்கள். வட்டு வெளியில் இருக்கும்வரை அந்தக் கோட்டுக்குத் தெற்கே மனிதர் ஒருவர்கூட இருக்கக் கூடாது. பார்வையாளர் இடம் வராந்தாப் பக்கம், வட்டத்துக்குப் பின்னால் 15 மீட்டரில் கயிறு.

யாழ்_மைதானம்

ரீச்சர், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், பரிதிவட்டமும் குண்டும் பழக்குகிறேன். மேலே சொன்னது சரி, ஆனால் பின்பக்கம் பாதுகாப்பு என்று முழுசாக நம்ப வேண்டாம். எறிய முன்னம் கையைப் பின்னுக்கு வீசி எடுக்கிற நேரம் வட்டு பின்பக்கமாகப் போகிறது. அந்த நேரம் வழுக்கினால் நேரே உங்கள் வராந்தாவுக்குத்தான் வரும். என் பிள்ளைகளிடம் இரண்டு முறை நடந்திருக்கிறது, இரண்டும் காலைப் பனியில் வட்டு ஈரமாக இருந்த நேரம். அதற்குப் பிறகு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய துவாய் வைத்திருக்கிறோம். வட்டைத் துடைக்காமல் வட்டத்துக்குள் போக முடியாது.

மற்றது, தொடக்கத்தில் பெரிய பின்வீச்சே வேண்டாம். கை பின்னுக்குப் போய் இடுப்பு உயரத்தில் நின்றால் போதும்.

எறிகளம்

யாழ் நண்பர் சொன்னது முக்கியம். பின்வீச்சு சின்னதாக இருந்தால் நழுவினாலும் வேகம் இருக்காது, சில மீட்டரில் விழுந்து உருளும். அதனால்தான் 15 மீட்டர் என்றேன். பெரிய பின்வீச்சோடு எறிகிற பிள்ளைகள் வந்த பிறகு வெறும் கயிறு போதாது, வலை வேண்டும்.

மகள்_தடகளம்

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகள் 9 ஆம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். வீட்டில் பயிற்சிக்கு ரப்பர் வட்டு வாங்கலாமா, மரவட்டு வாங்கலாமா? 1 கிலோதானே எடுக்கவேண்டும்? தினமும் சாயங்காலம் எங்கள் தெரு முனையில் காலி மனையில் எறிகிறாள். நான் ஒரு 20 மீட்டர் தள்ளி எதிரில் நின்று வட்டை எடுத்துத் திரும்பப் போடுவேன்.

பிடி_டீச்சர்

சார், முதலில் நீங்கள் எதிரில் நிற்பதை இன்றோடு நிறுத்துங்கள். திரும்ப எறிவதையும்தான். அவளே நடந்து போய் எடுத்து வரட்டும், அதுவும் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

எறிகளம்

மகள்_தடகளம் சார், பெண்களுக்குப் போட்டி எடை 1 கிலோதான். பள்ளிப் போட்டியில் வயதுப் பிரிவுக்கு என்ன எடை என்று இந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். போட்டியில் மரமோ ஃபைபரோ, உலோக விளிம்பு வைத்த வட்டுதான் கையில் வரும். அதன் கனம் விளிம்பில் இருக்கும். ரப்பரில் கனம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பரவியிருக்கும். அதனால் கையில் பிடிபடும் விதமும் காற்றில் சுழலும் விதமும் கொஞ்சம் வேறு. காலி மனையில் கல்லும் செங்கலும் கிடக்கும் என்றால் ரப்பர் நெடுநாள் வரும். போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் பள்ளியில் உள்ள போட்டி வட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்கள் நிற்கும் இடம் பற்றி டீச்சர் சொன்னதையே நானும் சொல்கிறேன். 2019 அக்டோபரில் கேரளத்தில் பாலாவில் மாநில ஜூனியர் தடகளப் போட்டி நடந்தது. ஈட்டியும் சம்மட்டியும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தன. ஈட்டியை எடுக்கக் களத்துக்குள் போன பள்ளி மாணவர் தலையில் சம்மட்டி விழுந்து, பல நாள் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனார். தன்னார்வலராக உதவிக்கு வந்த பிள்ளை. எறிந்தவர் மீது பிழை இல்லை. ஒரு கருவி காற்றில் இருக்கும்போது களத்துக்குள் ஆள் இருந்தார், அதுதான் பிழை.

கோட்டைமேடு

சம்மட்டியையும் ரப்பர் வட்டையும் ஒப்பிடுவது சரியா? இருந்தாலும் களத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நான் சொன்ன வரிசை முறையிலும் எல்லோரும் எறிந்து முடித்த பிறகுதான் எடுக்கப் போவோம். எது பாதி சரி என்று சொல்லவில்லையே நீங்கள்?

எறிகளம்

சொல்கிறேன் சார். உருட்டுவதற்கு உங்கள் வரிசை முறை ரொம்ப நல்லது. நின்று எறிவதற்கு ஆகாது.

முதல் இரண்டு வகுப்பில் பிள்ளைகள் எறியவே வேண்டாம் என்பது என் பழக்கம். பிடி கற்றுக்கொடுங்கள். விரல்களின் முதல் கணு மட்டும் விளிம்பைத் தாண்டி மடங்கியிருக்கவேண்டும், கட்டைவிரல் மேலே சும்மா படுத்திருக்கும், இறுக்கக் கூடாது. அப்புறம் கையைத் தொங்கவிட்டு, வட்டை முன்னால் தரையில் உருட்டச் சொல்லுங்கள். இரண்டு வரிசை, எதிரெதிரே 10 மீட்டர், ஆளுக்கு ஆள் 3 மீட்டர் இடைவெளி. வட்டு கடைசியாக ஆள்காட்டி விரலை விட்டு வெளியேறினால் சக்கரமாக நேரே உருண்டு எதிரில் நிற்பவரிடம் போய்ச் சேரும். சுண்டுவிரல் பக்கமாக வெளியேறினால் எதிர்ச்சுழற்சி வந்துவிடும். தரையில் பட்டதும் தயங்கி நின்று, தள்ளாடிச் சாயும். டீச்சர் ஒவ்வொரு கையையும் பார்க்கவேண்டியதில்லை, உருளும் வட்டைப் பார்த்தாலே யார் எந்த விரலில் விடுகிறார் என்று தெரிந்துவிடும்.

காற்றில் எறியும்போது இதே சுண்டுவிரல் தவறுதான் வட்டைப் படபடவென்று ஆட்டி வலப்பக்கம் கொண்டுபோகும். உருட்டுவதிலேயே இதைத் திருத்திவிட்டால், பின்னால் காவல் கோட்டைத் தாண்டும் வட்டுகள் பாதியாகக் குறையும் என்பது என் அனுபவம்.

நின்று எறிவதற்கு வரிசை ஏன் ஆகாது என்றால், முந்தி விடும் பிள்ளையின் வட்டு வலப்பக்கம் நிற்கும் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் போகும். அவன் ஒரு அடி முன்னால் வந்திருந்தால் அவன் மேலேயே படும். கை நீள இடைவெளி அதற்கு ஒன்றுமே இல்லை. அதனால் எறிவது ஒரு வட்டத்தில், ஒருவராக.

பிடி_டீச்சர்

ஆனால் கோட்டைமேடு சார் கேட்ட நேரக் கணக்கு உண்மையான பிரச்சினை. ஆறு வட்டு, 38 பேர். ஆறாறு பேராக எறிந்து, எடுத்து வர ஒரு சுற்றுக்கு 4 நிமிடம் என்றாலும், எல்லோருக்கும் ஒரு முறை வர 28 நிமிடம் ஆகிவிடும். மீதி 32 பேர் சும்மா உட்கார மாட்டார்கள். சும்மா இருக்கும் பிள்ளைகள்தான் கயிற்றைத் தாண்டுவார்கள்.

காவிரிக்கரை

நானும் பி.இ.டி. தான் டீச்சர். உங்களிடம் வளையப்பந்து வளையம் இருக்குமே? எங்கள் பள்ளியில் பத்துப் பன்னிரண்டு கிடக்கிறது. காத்திருக்கிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து, கயிற்றுக்குப் பின்னால் ஜோடி ஜோடியாக உருட்டச் சொல்வேன். எடை குறைவு, மேலே பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஆள்காட்டி விரல் பழக்கம் வந்துவிடும். உருட்டுவது கிழக்கு மேற்காக இருக்கட்டும், வட்டத்துப் பக்கம் ஓடாது.

விசில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். ஒரு நீள விசில் அடித்தால் வட்டத்தில் இருப்பவர் எறியலாம். ஆறு பேரும் எறிந்து முடித்து, வட்டு ஒன்றும் கையில் இல்லை என்று நான் பார்த்த பிறகு இரண்டு குட்டி விசில், அந்த ஆறு பேர் மட்டும் நடந்து போய் எடுக்கலாம். ஓடக் கூடாது. ஓடினால் உருண்டு கிடக்கும் வட்டை மிதித்து விழுவார்கள். கையில் எடுத்து வந்து அடுத்தவர் கையில் கொடுக்கவேண்டும். திரும்ப எறிந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு எறிய வாய்ப்பு இல்லை. இதில் மட்டும் நான் இரக்கம் காட்டுவதில்லை.

பிடி_டீச்சர்

வளையம் எட்டு இருக்கிறது. நல்ல யோசனை, இதைச் செய்கிறேன்.

இன்னொரு சந்தேகம். 8 ஆம் வகுப்பில் மூன்று பிள்ளைகள் இடது கைக்காரர்கள். அவர்கள் எறியும்போது எல்லாம் தலைகீழாகும் இல்லையா?

எறிகளம்

ஆமாம், அவர்கள் முந்தி விட்டால் இடப்பக்கம், அதாவது சாலைப் பக்கம் போகும். 14 மீட்டர் அவர்களுக்குப் போதாது. கம்பி வேலியை நம்ப முடியாது, ரப்பர் வட்டு எம்பித் தாண்டும். மேற்கு ஓரத்திலிருந்து 14 மீட்டரில், அதே நேர்கோட்டில் இன்னொரு ஆணி அடித்து அவர்களுக்குத் தனி வட்டம் போடுங்கள். இடப்பக்கம் 26 மீட்டர் கிடைக்கும். மூன்று பேரும் ஒரே சுற்றில், கடைசியாக எறியட்டும். இரண்டு வட்டத்திலும் ஒரே நேரத்தில் எறியவே கூடாது. பாலாவில் நடந்தது அந்த வகைதான்.

கோட்டைமேடு

வலை பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. நாகப்பட்டினம் பக்கம் பழைய மீன்வலை கிடைக்கும். நான்கு சவுக்குக் கம்பு நட்டு, வலையை நன்றாக இழுத்து முறுக்கிக் கட்டினால் கூண்டு தயார். பிள்ளைகளை அதற்குப் பின்னாலேயே நிற்க வைக்கலாம், 15 மீட்டர் எல்லாம் வேண்டாம்.

யாழ்_மைதானம்

மீன்வலை நல்ல யோசனை, நாங்களும் அதுதான் பாவிக்கிறோம். ஆனால் இழுத்துக் கட்ட வேண்டாம். முறுக்கிய வலையில் பட்டால் வட்டு திரும்பித் தெறித்து எறிகிற பிள்ளை மேல் வரும், ரப்பர் என்றால் இன்னும் மோசம். வலை தளர்வாகத் தொங்கவேண்டும், அடிப்பக்கம் தரையில் கொஞ்சம் கிடக்கவேண்டும். வட்டு பட்டால் வலை பின்னுக்குப் பைபோலப் போய், வட்டு கீழே சரிந்து விழும். அப்படிப் பின்னுக்கு வருகிறபடியால் வலையை ஒட்டி ஒருவரும் நிற்கக் கூடாது. நாங்கள் 3 மீட்டர் விடுகிறோம். கண்ணியும் பார்க்கவேண்டும், வட்டு புகாத கண்ணியாக இருந்தால் மட்டும் போதாது, நூல் உக்கிப்போயிருக்கக் கூடாது. வெயிலில் கிடந்த நைலோன் கையாலே இழுத்தால் அறுந்துவிடும்.

எறிகளம்

கம்பத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2017 ஜூலையில் லண்டனில் பயிற்சியின்போது எறிகூண்டே சரிந்து விழுந்து ஐக்கிய அரபு எமிரேட்ஸ் பாரா தடகள வீரர் ஒருவர் இறந்தார். அது முறையான உலோகக் கூண்டு, அடிப்பாகம் சரியாகப் பொருத்தப்படாமல் நிறுத்தப்பட்டிருந்தது. நாம் நடுகிற சவுக்குக் கம்பு அந்த அளவு கனம் இல்லை, ஆனால் டெல்டா மண் மழைக்குப் பிறகு குழைந்துவிடும். ஆளுயரத்தைவிட உயரமாக வலை கட்டினால் காற்றும் இழுக்கும். நிரந்தரமாக நட முடியாது என்றால் வலையே வேண்டாம், 15 மீட்டர் தூரமே மேல்.

போட்டிக் கூண்டின் வலை குறைந்தது 4 மீட்டர் உயரம் இருக்கவேண்டும் என்பது விதி. நான்கு சவுக்குக் கம்பால் அது வராது. அதனால் மீன்வலை கட்டிவிட்டோம், இனி முழுச் சுழற்சி எறியலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காவிரிக்கரை

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு சார். முழுச் சுழற்சி வேண்டாம், சரி. ஆனால் ஒரு அடி வைத்து அரைச் சுற்று சுற்றி எறிவதை நான் வலை இல்லாமலே கற்றுக்கொடுக்கிறேன், 500 கிராம் ரப்பரில், நின்று எறிவது நன்றாக வந்த பிள்ளைகளுக்கு மட்டும். அதையும் நிறுத்திவிட்டால் குறுவட்டப் போட்டிக்குப் போகும் நம் பிள்ளை, சுழன்று எறிகிற தனியார் பள்ளிப் பிள்ளையிடம் வருடா வருடம் தோற்கும். கூண்டு இருக்கும் மைதானம் எங்களுக்கு 40 கிலோமீட்டர் தள்ளி மாவட்டத் தலைநகரில்தான்.

எறிகளம்

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அரைச் சுற்று என்றாலே வட்டு எந்தத் திசையிலும் போகலாம் என்றாகிவிடுகிறது. நின்று எறியும்போது தவறு வலம், இடம், கொஞ்சம் பின்னால் என்று ஊகிக்கலாம். சுழலும்போது அந்த ஊகம் போய்விடும், வேகமும் கூடும். கையில் துண்டு ஒன்றை முடிச்சுப் போட்டுக் கொடுத்துச் சுழலச் சொல்லுங்கள், கால் பழக்கம் அதிலேயே வரும். எறிவதைக் கூண்டு உள்ள இடத்துக்கு மாதம் ஒரு முறை அழைத்துப் போய் வைத்துக்கொள்ளலாம்.

காவிரிக்கரை

மாதம் ஒரு முறைக்குப் பேருந்துக் காசு யார் கொடுப்பார்கள் சார்? துண்டு முறை செய்கிறேன். ஆனால் துண்டில் அழகாகச் சுழலும் பிள்ளை, கையில் வட்டு வந்ததும் கால் குழம்பிவிடுகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை, நான் என் வழியிலேயே 10 பேருக்குள் வைத்துச் செய்துகொள்கிறேன்.

யாழ்_மைதானம்

நான் இரண்டுக்கும் நடுவில். சுழலும் பிள்ளை எறிகிற நேரம் மைதானத்தில் வேறு பிள்ளைகள் ஒருவரும் இல்லாமல், பள்ளி விட்ட பிறகு செய்கிறேன். பயிற்றுநர் எங்கே நிற்பது என்பதுதான் அப்போது கேள்வி. நான் இடது பின்பக்கம் 8 மீட்டரில் ஒரு தென்னைக்குப் பின்னால் நிற்கிறேன்.

பிடி_டீச்சர்

நேற்று வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியட். நடந்ததைச் சொல்கிறேன்.

வட்டம் எறிகளம் சார் சொன்ன இடத்தில் போட்டோம். சுண்ணாம்புத் தூள் கண்ணில் படுமே என்று வெள்ளைக் கோலமாவில் கோடு போட்டோம், பிள்ளைகளே நிறைய வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். கயிறு கட்டி 12 மீட்டர், 28 மீட்டர் விரித்ததைப் பார்த்துக் கணக்கு வாத்தியாரே வெளியில் வந்து நின்று ரசித்தார்.

முதல் பீரியட் முழுக்க உருட்டல். எட்டு ஜோடி தவறாமல் நேராக உருட்டியது, ஐந்தாறு பிள்ளைகளுக்கு வட்டு தள்ளாடி விழுந்துகொண்டே இருந்தது. பார்த்தால் எல்லோரும் சுண்டுவிரல்தான். உருட்டலில் தேறிய 22 பேரை மட்டும் இரண்டாவது பீரியடில் நின்று எறிய விட்டேன்.

காவல் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் மூன்று வட்டு போனது. அதில் ஒன்று விளிம்பில் விழுந்து எழுந்து, வளைந்து உருண்டு வேப்பநிழலுக்குள் போய் மரத்தில் இடித்து நின்றது. வழக்கமாக 6 ஆம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பாட்டுப் பையை வைக்கும் இடம். பின்பக்கம் ஒன்றும் வரவில்லை, துணி வைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

ஒரு சிக்கல். வராந்தாவில் நிற்பவர்களுக்கு எறிகிற பிள்ளையின் முதுகுதான் தெரிகிறது, வட்டு விழும் இடம் தெரியவில்லை. விளையாட்டு விழா அன்று பெற்றோர்கள் கட்டாயம் பக்கவாட்டுக்கு நகர்வார்கள். தலைமை ஆசிரியரும் பெஞ்சை நிழலிலேயே போடலாமே என்கிறார்.

காவிரிக்கரை

வராந்தாவுக்கு மேல் மாடி இருந்தால் பெற்றோர்களை அங்கே ஏற்றிவிடுங்கள் டீச்சர், எல்லாம் தெரியும்.

பிடி_டீச்சர்

மாடி இல்லை, ஓட்டுக் கட்டடம்.

எறிகளம்

அப்படியானால் விழா அன்று வட்டு எறிதலைப் பெற்றோர் வருவதற்கு முன்னால் காலை 8 மணிக்கே முடித்துவிட்டு, பெஞ்சை அதன் பிறகு நிழலில் போடுங்கள். எறிய வைத்தே காட்டவேண்டும் என்றால் இடது கை, வலது கை கலக்காமல், உருட்டலில் தேறிய நான்கைந்து பேரை மட்டும், 500 கிராமில். பார்வையாளர் கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஆசிரியர் நிற்கவேண்டும். அவர்கள் எறிதலைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைத்தான் பார்க்கவேண்டும். கயிற்றைத் தாண்டி ஒரு கால் வந்தாலும் கையை உயர்த்தட்டும், கை உயர்ந்திருக்கும்வரை உங்கள் நீள விசில் வரக் கூடாது.

பிடி_டீச்சர்

காலை 8 மணி சரிப்படும். தலைமை ஆசிரியரிடம் திங்கட்கிழமை பேசுகிறேன். மரத்தில் இடித்த அந்த வட்டின் விளிம்பில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு தெரிகிறது. ஒட்டிப் பயன்படுத்தலாமா?

யாழ்_மைதானம்

வேண்டாம் ரீச்சர். வெடிப்பில் விரல் தட்டி வட்டு வேறு பக்கம் போகும். உருட்டலுக்கும் வேண்டாம், பிடி காட்டிக் கொடுக்கிறதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.